நெடுக்காகப் படிக்க வேண்டிய நோட்டு

குளுக்கோமீட்டரும் பி.பி. மெஷினும் இருக்கிற வீட்டில் கூடவே ஒரு நோட்டும் இருக்கும். போன வருடத்து டைரி, பேரன் பாதியில் விட்ட கணக்கு நோட்டு, ஏதோ ஒன்று. அதில் தேதிக்கு எதிரே ஓர் எண்: 156. மறுநாள் 98. அதற்கடுத்து 212. டாக்டர் நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "கொஞ்சம் கூடக்குறைய இருக்கே" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த 98 காலையில் வெறும் வயிற்றில் எடுத்ததா, சாயங்காலம் பஜ்ஜி சாப்பிடுவதற்கு முன்னால் எடுத்ததா என்று தெரியாவிட்டால் அதை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது.

ஒரு நோட்டை எடுத்துப் படித்துப் பார்ப்போம். எந்த ஒருவருடைய நோட்டும் அல்ல. கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பலருடைய நோட்டுகளில் காணக்கூடியதை ஒன்றாக்கி எழுதியது. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது 63. பதினொரு வருடமாகச் சுகர், ஆறு வருடமாக பி.பி. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. பி.பி.க்குக் காலை எட்டு மணிக்கு டெல்மிசார்டன் ஒன்று. ஒரு மாதமாக அவ்வப்போது தலை சுற்றுகிறது. காலையில் வெறும் வயிற்றுச் சுகர் 150, 160 என்று காட்டுகிறது. மனைவி இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்: "சுகர் ஏறிப்போச்சு, அதான் தலை சுத்துது. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையக் கூட்டிக் குடுக்கச் சொல்லுங்க."

டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. இரண்டு வாரம் நோட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். எழுதும் முறையை மட்டும் மாற்றினார். பக்கத்தின் குறுக்கே ஐந்து கட்டம்: வெறும் வயிறு, காலை டிபனுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, கடைசியாகக் குறிப்பு. இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கு, கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. தினமும் நான்கு தடவை குத்திக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஸ்டிரிப் விலை எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் வெறும் வயிறும் டிபனுக்குப் பிறகும், மறுநாள் மதியமும் இரவும் என்று மாற்றி மாற்றி எடுத்தால், நாளுக்கு இரண்டு ஸ்டிரிப்பில் பதினான்கு நாளில் ஒவ்வொரு கட்டத்திலும் ஏழு எண் சேர்ந்துவிடும். தலை சுற்றினால் மட்டும் எந்த நேரமானாலும் உடனே ஒன்று எடுக்க வேண்டும். முறை இல்லாத நாளில் எடுத்தாலும் அதற்குரிய கட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

இப்படிக் கட்டம் போட்ட பிறகு நோட்டை நாள்வாரியாகக் குறுக்கே படிப்பதில் பெரிய பலன் இல்லை. ஒரே கட்டத்தை மேலிருந்து கீழாக நெடுக்கே படிக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் 210, இன்று காலை 150 என்பதை வைத்துக் "குறைந்துவிட்டது" என்று மகிழ்வதற்கு ஒன்றும் இல்லை. அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஏழு காலை எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால்தான் காலை நேரத்தைப் பற்றி ஏதாவது தெரியும்.

ஆசிரியரின் முதல் கட்டம் இது: 152, 161, 148, 231, 155, 166, 149. எல்லோருடைய கண்ணும் முதலில் 231-க்குத்தான் போகும். அதை ஒதுக்கி வைக்கலாம். அன்றைய குறிப்பில் "மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன், கை கழுவி மறுபடி பார்த்தது 158" என்று எழுதியிருக்கிறார். விரல் நுனியில் ஒட்டியிருக்கும் பழச்சாறு, குளுக்கோமீட்டர் கேட்கும் அந்தச் சின்னத் துளி ரத்தத்தில் கலந்துவிட்டால் எண் எங்கோ போய்விடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்த பிறகு குத்த வேண்டும். எதிர்பாராத எண் வந்தால் கை கழுவி இன்னொரு ஸ்டிரிப் செலவு செய்வது வீண்செலவு ஆகாது.

மீதி ஆறு எண்களில் 148-க்கும் 166-க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தையும் பொருட்படுத்த வேண்டாம். குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், எண் 100-க்கு மேல் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. உண்மையான அளவு 150 என்றால் நல்ல மீட்டரே 128 என்றும் காட்டலாம், 172 என்றும் காட்டலாம். "நேத்து 149, இன்னிக்கு 161, பன்னிரண்டு ஏறிடுச்சு" என்று காலை காபியைத் தள்ளி வைப்பவர்கள் மீட்டரின் தள்ளாட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆறு எண்ணும் 130-க்கு மேலேயே நிற்கின்றன என்பதுதான் செய்தி. பொதுவாகச் சுகர் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் என்று இலக்கு வைப்பார்கள். வயது அதிகமானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர் அதைத் தளர்த்திக் கொடுப்பதுண்டு. உங்களுக்கு எது இலக்கு என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மட்டும் ஏன் ஏறுகிறது? இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றும் காலை ஆறரை மணி எண்ணில் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது, இரவுச் சாப்பாட்டில் ஏறியது இறங்கி முடியவில்லை. இரண்டாவது, விடியலுக்கு முன் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை சுரந்து, உடம்பை எழுப்பத் தயாராகும்போது கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் குறைவாக உள்ளவருக்கு அது அடங்காமல் நிற்கிறது. மூன்றாவது, மாத்திரையோ இன்சுலினோ அதிகமாகி நடு இரவில் சுகர் தாழ்ந்து, அதற்கு எதிர்வினையாக உடம்பு ஏற்றிவிட்டது. இந்த மூன்றாவது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நடு இரவில் தாழ்வது என்பதே ஆபத்து. காலை எண்ணை மட்டும் பார்த்து இரவு மருந்தைக் கூட்டினால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

மூன்றையும் பிரித்துப் பார்க்க இரண்டு அல்லது மூன்று இரவுகள் அலாரம் வைத்தால் போதும். படுக்கும்போது ஒன்று, விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்று, எழுந்ததும் ஒன்று. 125, 120, 158 என்று வந்தால் மூன்று மணி வரை ஒழுங்காக இருந்து விடியலில் ஏறியிருக்கிறது. 130, 62, 165 என்று வந்தால் நடு இரவில் தாழ்ந்திருக்கிறது. அதற்கு அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். ஆசிரியருக்கு வந்தது 212, 181, 157. மறு இரவும் அதே சரிவு: 205, 176, 152. சாப்பாட்டில் மேலே போனது இரவெல்லாம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்து, விடியும்போதும் தரைக்கு வந்து சேரவில்லை.

இரவுக் கட்டத்தை நெடுக்கே பார்த்தால் இது உறுதியாகிறது. ஏழு எண்ணும் 200-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கின்றன. குறிப்பில் "9.30, சப்பாத்தி 4, உருளைக்கிழங்கு" என்று இருக்கிறது. சப்பாத்தி சாப்பிட்டால் சுகருக்கு நல்லது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை. கோதுமையும் மாவுச்சத்துதான், உருளைக்கிழங்கும் மாவுச்சத்துதான். சோற்றைக் கைவிட்ட தைரியத்தில் நான்காவது சப்பாத்தியை எடுத்துவைத்தால் கணக்கு சோற்றுக்கே திரும்பிவிடும். அதிலும் ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டுப் பதினொரு மணிக்குப் படுத்துவிடுகிறார். காலை எண்ணைப் பற்றிய புகாருக்கு விடை இரவுத் தட்டில் இருந்திருக்கிறது.

இதைவிட முக்கியமானது மூன்றாவது கட்டம். அதைப் பார்க்க ஆசிரியருக்குத் தோன்றியே இருக்காது, ஏனென்றால் அதில் பயமுறுத்தும் பெரிய எண் ஒன்றுகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்: 104, 66, 98, 110, 61, 101, 68. நான்கு எண்கள் அழகாக இருக்கின்றன. மூன்று எண்கள் 70-க்குக் கீழே. அந்த மூன்று நாட்களின் குறிப்பு: "கோயிலுக்குப் போய் வர 3 மணி", "பேங்க், லேட்", "கல்யாண வீடு, பந்தி தாமதம்". மூன்றுக்கும் பக்கத்தில் "தலை சுற்றல், வேர்வை, கை நடுக்கம்". கிளிமிபிரைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. காலையில் அதை விழுங்கியவர் ஒன்றரை மணிக்குச் சாப்பிடுவார் என்ற கணக்கில் அது வேலை செய்துகொண்டே இருக்கும். பந்தி தாமதமாவது அதற்குத் தெரியாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இப்படித் தாழ்வது அபூர்வம். அதனால்தான் நோட்டின் மேல் மாத்திரைப் பெயரும் அளவும் நேரமும் இருந்தாக வேண்டும் என்பது. ஒரே 66, யார் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்து வேறு வேறு பொருள் தரும்.

மீட்டரில் "14 நாள் சராசரி" என்று ஒரு பட்டன் இருக்கும். நோட்டைக் கெடுப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. மதியம் 66, இரவு 214. கூட்டி இரண்டால் வகுத்தால் 140. கேட்கவே சந்தோஷமாக இருக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் ஓரளவுக்கு இதே வேலையைத்தான் செய்கிறது. 7 என்று வந்தால் சராசரி சுமார் 154 என்று பொருள், அந்தச் சராசரி மேடு பள்ளம் இல்லாமல் வந்ததா, இருந்து வந்ததா என்று அது சொல்லாது. அதைச் சொல்லத்தான் நோட்டு.

தாழ்ந்தபோது என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 70-க்குக் கீழ் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் அதையே திரும்பச் செய்ய வேண்டும். வோக்ளிபோஸ், அகார்போஸ் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அவர்கள் குளுக்கோஸ் பவுடர் வைத்துக்கொள்ள வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். 54-க்குக் கீழே ஒரே ஒரு தடவை போனாலும் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கு வடிவம் தேட இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

மதியத் தலைசுற்றலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் குறிப்புக் கட்டத்தில் இன்னொரு தலைசுற்றலும் இருக்கிறது: காலை ஆறு மணி, படுக்கையிலிருந்து எழுந்ததும். அந்த நேரங்களில் எடுத்த சுகர் 155, 161. தாழ்ந்திருக்கவில்லை. இங்கே நோட்டின் பின்பக்கத்துக்கு, பி.பி. கணக்குக்கு, போக வேண்டும்.

பி.பி. எண் சுகர் எண்ணைவிடச் சபலமானது. பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கினால் ஏறும், கையைத் தொங்கவிட்டால் ஏறும், பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் ஏறும். காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பதிந்து, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு எடுக்க வேண்டும். முதல் தடவை கட்டும்போது இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்த வேண்டும். இரண்டுக்கும் மேல் எண்ணில் 15-க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால், கைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க விரும்புவார்.

வீட்டுக் கணக்குக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த ஒரு முறை பல நாடுகளிலும் வழக்கத்தில் இருக்கிறது. ஏழு நாள். காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளி. முதல் நாள் எண்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அன்று மெஷினைப் பார்த்தே கொஞ்சம் ஏறியிருக்கும். மீதி ஆறு நாள் எண்களுக்குச் சராசரி. அது 135/85-ஐத் தொட்டால் வீட்டளவில் அதிகம் என்று பொருள். கிளினிக்கில் 140/90 என்று சொல்வதற்கு ஈடானது இது. ஜப்பானில் ஓஹாசாமா என்ற ஊர் மக்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வில், யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை முகாமில் எடுத்த பி.பி.யைவிட வீட்டில் அவர்களே எடுத்த பி.பி. நன்றாகக் காட்டியது. 1998-ல் அது வெளியானது. வீட்டு நோட்டை டாக்டர்கள் மதிக்கத் தொடங்கியதில் அந்த ஊருக்குப் பங்குண்டு.

சுகருக்குச் சராசரி கூடாது என்று சொல்லிவிட்டு பி.பி.க்குச் சராசரி எடுக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். இங்கேயும் காலைக்குத் தனியாக, இரவுக்குத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. ஆசிரியரின் முதல் முறை எண்ணும் இரண்டாம் முறை எண்ணும் 146/84, 139/82 என்ற மாதிரி வருகின்றன. முதல் முறை எப்போதும் சற்று மேலே. மூன்றாவது நான்காவது தடவை எடுத்துப் பார்த்து மிகக் குறைந்ததை மட்டும் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. அது டாக்டருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கலாம், உங்கள் சிறுநீரகத்துக்கு ஒன்றும் செய்யாது. ஆறு நாள் கணக்கில் காலைச் சராசரி 141/82, இரவுச் சராசரி 126/75. காலையில் கூட, இரவில் நன்றாக. மாத்திரை விழுங்குவது காலை எட்டு மணிக்கு. காலை ஏழு மணி எண் என்பது நேற்றைய மாத்திரையின் கடைசி மணி நேரம். அதன் பிடி அப்போது தளர்ந்திருக்கலாம். இவர் வழக்கமாகக் கிளினிக்குக்குப் போவது பதினொரு மணிக்கு, அன்றைய மாத்திரை வேலையில் இறங்கிய பிறகு. அங்கே எப்போதும் 128, 130. காலை எண் டாக்டர் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

"அப்போ பி.பி. மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதானே" என்று தோன்றும். அதற்கு முன் இன்னொரு அளவு வேண்டும். படுத்தபடி ஐந்து நிமிடம் கழித்து ஒன்று, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நிற்கும்போது கையையும் நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். மேல் எண் 20-ஓ, கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் அது கவனிக்க வேண்டியது. ஆசிரியருக்குப் படுத்தபோது 144/82, நின்ற ஒரு நிமிடத்தில் 118/72, மூன்று நிமிடத்தில் 120/73. இருபத்தாறு புள்ளி சரிவு. எழுந்ததும் தலை சுற்றியதற்கு இதுதான் காரணம். பல வருடம் சுகர் இருந்தால் ரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்புகள் தளர்ந்து இப்படி ஆவதுண்டு. ஆனால் இவருக்கு ஆறு வாரம் முன்பு வேறொன்றும் நடந்திருக்கிறது. இரவில் சிறுநீருக்காக நான்கு தடவை எழுகிறார் என்று சிறுநீரக அறுவை மருத்துவர் ஒருவரிடம் போயிருக்கிறார். புராஸ்டேட் வீக்கம் என்று டாம்சுலோசின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இரவில் ஒன்று. நின்றால் பி.பி. சரிவது அந்த மாத்திரையின் அறியப்பட்ட பக்கவிளைவு. சுகர் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று இவருக்குத் தோன்றவில்லை. அது "வேற டாக்டர் மாத்திரை". நோட்டின் மேல் எல்லா மாத்திரையையும் எழுதச் சொன்னதால்தான் அது வெளியே வந்தது.

இந்த நிலையில் காலை 141-ஐ மட்டும் பார்த்து பி.பி. மாத்திரையைக் கூட்டியிருந்தால், ஒரு விடியற்காலையில் பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். காலைச் சுகர் 155-ஐ மட்டும் பார்த்து கிளிமிபிரைடைக் கூட்டியிருந்தால், அடுத்த கல்யாணப் பந்தியில் மயங்கி விழுந்திருக்கலாம். வீட்டில் கேட்டதோ இரண்டையும் கூட்டச் சொல்லித்தான்.

டாக்டரிடம் முழு நோட்டை நீட்ட வேண்டாம். அது கையில் இருக்கட்டும், கேட்டால் கொடுக்கலாம். ஒரு தாளில் இவர் எழுதிக்கொண்டு போனது ஏறக்குறைய இப்படி: "காலை வெறும் வயிறு ஏழில் ஆறு நாள் 148 முதல் 166. இரவு சாப்பிட்ட பின் ஏழு நாளும் 200-ஐ ஒட்டி அல்லது மேலே, படுக்கும்போதிருந்து விடியும்வரை இறங்குகிறது. மதியம் சாப்பாடு தாமதமான மூன்று நாளும் 70-க்குக் கீழே, வேர்வையுடன். பி.பி. காலை 141/82, இரவு 126/75. படுத்தால் 144, நின்றால் 118, எழும்போது தலை சுற்றல். டாம்சுலோசின் ஆறு வாரமாக." ஆறே வரி. எண்ணும், நேரமும், எத்தனையில் எத்தனை நாள் என்பதும், கூடவே என்ன நடந்தது என்பதும் இருக்கின்றன. "சுகர் கன்ட்ரோல்ல இல்ல டாக்டர்" என்பதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

உண்மையான எண்ணை எழுதுவதும் இதில் அடக்கம். 1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளிடம் கொடுத்த மீட்டருக்குள் அவர்களுக்குத் தெரியாமல் நினைவகச் சில்லு வைத்துவிட்டு, பிறகு நோட்டோடு ஒப்பிட்டார்கள். எடுக்காத அளவுகள் எழுதப்பட்டிருந்தன, எடுத்த உயர்ந்த அளவுகள் விடுபட்டிருந்தன. டாக்டர் திட்டுவார் என்ற பயம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். நோட்டில் எல்லா எண்ணும் 120, 130, 140 என்று பூஜ்யத்திலேயே முடிந்தால் அனுபவமுள்ள டாக்டருக்கு உடனே சந்தேகம் வரும். மெஷின் அப்படி எண் தருவதில்லை.

சில எண்களுக்கு நோட்டும் வேண்டாம், வடிவமும் வேண்டாம். பி.பி. 180/120-ஐத் தாண்டி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்தாலும் அப்படியே இருந்து, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. வாய் கோணலுக்கும் நெஞ்சு வலிக்கும் எண்ணைக்கூடப் பார்க்க வேண்டாம். சுகர் 300-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்து கூடவே வாந்தியோ அதிக தாகமோ சோர்வோ இருந்தாலும் அப்படித்தான். பி.பி. மெஷினில் சீரற்ற துடிப்புக்கான இதயக்குறி அடிக்கடி மின்னினால் அது அவசரம் இல்லை. ஆனால் எத்தனை தடவையில் எத்தனை தடவை என்று குறித்துக்கொண்டு போங்கள், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆசிரியருக்கு டாக்டர் செய்தது இவ்வளவு: காலை மாத்திரையில் கிளிமிபிரைட் அளவைக் குறைத்தார். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு இழுத்து, சப்பாத்தியை இரண்டாக்கி, உருளைக்கிழங்குக்குப் பதில் கீரையோ சுண்டலோ என்றார். பி.பி. மாத்திரையைத் தொடவில்லை. டாம்சுலோசினை மாற்ற முடியுமா என்று அதை எழுதிய மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நிற்கும் பி.பி. சரியான பிறகு காலை 141-ஐப் பார்க்கலாம் என்றார். அதுவரை படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு நிற்க வேண்டும்.

நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போடச் சொன்னார். மருந்தோ சாப்பாட்டு நேரமோ மாறிய நாளில் அந்தக் கோடு இல்லாவிட்டால், அடுத்த தடவை பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து, மாற்றம் பலித்ததா என்று தெரியாமல் போகும். கோட்டுக்கு மேலே உள்ளதை இனிக் கூட்டக் கூடாது. அடுத்த கணக்கு கோட்டுக்குக் கீழே முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. மதியக் கட்டத்தில் எத்தனை 70-க்குக் கீழே என்பதை அதில் முதலில் பார்க்க வேண்டும்.